ஊர் கேட்காத கதை

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டையில் நடக்கும் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழாவைக் கணக்கில் வைத்தே விடுப்பு எழுதிக் கொடுத்து வருபவர்கள் உண்டு. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும் நாள் அது. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர் ஆற்றைப் பார்த்ததும் சொல்வார்: "அப்பல்லாம் ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி ஓடும், பெரியப்பா." உள்ளூர்ப் பெரியவர் விடமாட்டார்: "எப்பப்பா ஓடுச்சு? மணல்ல ஊத்துத் தோண்டித்தானே குளிச்சோம்?"

இருவரும் பொய் சொல்லவில்லை. மேலே சாத்தனூர் அணை 1958இல் வந்துவிட்டது. தையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது அதன்பின் அணைத் திறப்பைப் பொறுத்தது. ஏதோ ஒரு வெள்ள ஆண்டில் பார்த்த ஆறு, போனவர் மனத்தில் எல்லா ஆண்டுக்குமான ஆறாகிவிட்டது. அதை மறுத்துப் பேச அங்கே அவருக்குப் பெரியப்பா இல்லை.

இந்த வாரம் பேச எடுத்துக்கொண்ட நாவல் இதைத்தான் கையில் எடுக்கிறது. செக் நாட்டில் பிறந்து 1975இல் பிரான்சுக்குக் குடிபெயர்ந்த மிலன் குந்தேரா பிரெஞ்சில் எழுதியது; தலைப்புக்கு 'அறியாமை' என்று பொருள். 1968இல் ருஷ்யப் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டுப் போன இரேனா பாரிசில் வாழ்கிறாள், யோசெப் டென்மார்க்கில். 1989இல் ஆட்சி கவிழ்ந்ததும் இருவரும் பிராகாவைப் பார்க்கப் போகிறார்கள்.

குந்தேரா இதற்கிடையே இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்பிய கிரேக்க வீரன் ஒடிசியசைப் பற்றிப் பேசுகிறார். அவர் சொல்வது நாம் வழக்கமாக நம்புவதற்கு நேர் எதிரானது. ஏக்கம் கூடக்கூட நினைவு பெருகும் என்று நினைக்கிறோம். அவரோ, ஏங்குபவனுக்குத்தான் நினைவு குறையும் என்கிறார். நினைவு பேச்சில்தான் உயிரோடு இருக்கும். கூடப் பிறந்தவர்களோடும் பழகியவர்களோடும் திரும்பத் திரும்பச் சொல்லி, அவர்கள் திருத்தி, மறுபடி சொன்னால்தான் அது நிற்கும். டேனிஷ் மனைவியோடு டேனிஷ் பேசி வாழ்ந்த யோசெப்புக்கு அந்த வாய்ப்பு இல்லை. தன் பள்ளிக்கால நாட்குறிப்பை எடுத்துப் படிக்கும்போது, ஒரு பெண்ணை வேண்டுமென்றே அழவைத்த அந்தப் பையனை அவனால் தான் என்று ஏற்க முடியவில்லை. கையெழுத்து மட்டும் அவனுடையது.

இரேனாவுக்கு நேர்வது வேறு. பாரிஸ் விமான நிலையத்தில் யோசெப்பை அடையாளம் கண்டுகொள்கிறாள். பல ஆண்டுகளுக்கு முன் பிராகாவில் ஒரு மதுக்கூடத்தில் அவன் எடுத்துக் கொடுத்த சாம்பல் கிண்ணத்தை இன்னும் வைத்திருக்கிறாள். அவனுக்கு அவள் யார் என்றே தெரியவில்லை, தெரிந்தவன்போல் பேசுகிறான். ஒருத்தி இருபது ஆண்டு பொத்தி வைத்த மாலைப்பொழுது, இன்னொருவனிடம் இல்லவே இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் படிப்பவரை வதைக்கிறது.

பழைய தோழிகளை அழைத்து இரேனா பிரெஞ்சு ஒயின் வைக்கிறாள். அவர்கள் பீரே போதும் என்கிறார்கள். இருபது ஆண்டு எப்படி வாழ்ந்தாய் என்று அவளிடம் கேட்பதில்லை. ஒடிசியசின் கதையையும் வழியில் கண்ட அந்நியர்கள் விடிய விடியக் கேட்டார்கள். சொந்த ஊர் கேட்கவில்லை என்கிறார் குந்தேரா.

நினைவு பேச்சில்தான் நிற்கும் என்பதற்குத் தமிழில் சான்று எழுத்தாளர் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரர். 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய், போர் முடிந்து 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியனும் நண்பர்களும் கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து மதுரைத் தெருக்களைப் பேசிப் பேசியே கட்டி எழுப்புகிறார்கள். அந்த மதுரை அத்தனை துல்லியமாக இருப்பதற்குக் காரணம் ஏக்கம் அல்ல, வட்டிக்கடைப் பையன்களின் ஓயாத ஊர்ப்பேச்சுதான் என்பது என் கருத்து. குந்தேரா சொன்னதை அவர் மறுபுறத்திலிருந்து காட்டிவிட்டார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்காரம் இதை எழுதியபோது மதுரை சன்னலுக்கு வெளியே இருந்தது. தொலைவில் இருந்தது மேடான்தான். ஏங்கும் பாண்டியனை எழுதிய கை, திரும்பி வந்தவருடையது. அந்த மேடானையும் ஊர் உடனே கேட்கவில்லை. 1962 வாக்கில் எழுதிய நாவல் 1972இல்தான் அச்சேறியது. மதுரையிலேயே தனியாக வாழ்ந்து 1997இல் அவர் காலமானார்.

இரேனாவின் தோழிகள் செய்ததை நாமும் செய்கிறோம். வந்தவரிடம் முதலில் கேட்பது "எப்பக் கிளம்புறே?" என்பதுதான். வரும் தையில் ஆற்றங்கரையில் அப்படி ஒருவரைப் பார்த்தால், அவர் சொல்லும் தண்ணீரைத் திருத்துங்கள். அது அவருக்கு நன்மை. ஆனால் அதோடு விடாமல், அங்கே எந்த அறையில் யாரோடு தங்கினார், என்ன சமைத்தார், எதற்குப் பயந்தார் என்று உட்கார்ந்து கேளுங்கள்.