விளம்பரக் காசைப் பங்கிடுவது யார்?

மாகறலில் எங்கள் தெருவில் தறி வைத்திருப்போர் சிலர் இன்று பேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்து நேரடியாகச் சேலை விற்கின்றனர். விளம்பரத் தொகையை எங்கே எழுதுவது என்னும் ஐயம் அவர்களுக்கு அடிக்கடி எழுகின்றது. அதனை இங்கு விளக்க முற்படுகிறேன்.

பேஸ்புக் விளம்பரம் மூன்று அடுக்கு கொண்டது. மேலே கேம்பெய்ன், அதனுள் ஆட் செட்டுகள், அவற்றுள் விளம்பரங்கள். தொகையை ஒவ்வோர் ஆட் செட்டுக்கும் தனித்தனியே எழுதினால் பங்கீடு நம்முடையது. கேம்பெய்னுக்கு மொத்தமாக எழுதினால் கணினியே பங்கிடும். 2017-இல் வந்த இம்முறைக்கு இப்போது Advantage+ campaign budget என்று பெயர். அடுத்த வாடிக்கையாளரின் விசாரிப்பு எந்த ஆட் செட்டில் மலிவாகக் கிடைக்குமோ, அங்கே அது பணத்தைத் திருப்பிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பட்டுப்பருத்திச் சேலைக்கு ஓர் ஆட் செட்டும், முகூர்த்தப் பட்டுக்கு ஓர் ஆட் செட்டும் வைத்திருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ரூ.600, வாரத்திற்கு ரூ.4,200. பட்டுப்பருத்தியில் ஒரு விசாரிப்புக்கு ரூ.20 செலவு, பத்துப் பேரில் ஒருவர் வாங்குவார், இலாபம் ரூ.300. முகூர்த்தப் பட்டில் விசாரிப்புக்கு ரூ.70, பதினைந்து பேரில் ஒருவர் வாங்குவார், இலாபம் ரூ.2,500.

சரிபாதியாகப் பிரித்தால் 105 பேரும் 30 பேரும் விசாரிப்பர். பத்துப் பட்டுப்பருத்தியும் இரண்டு முகூர்த்தப் பட்டும் விற்கும். இலாபம் ரூ.8,000. கணினியிடம் விட்டால் ரூ.3,500 பட்டுப்பருத்திக்கே போய்விடக்கூடும். விசாரிப்பு 135-இலிருந்து 185 ஆக உயரும். ஆனால் முகூர்த்தப் பட்டை விசாரிப்பவர் பத்தே பேர். அதில் ஒன்று விற்பதும் ஐயமே. விற்காவிட்டால், பதினேழு பட்டுப்பருத்தியின் இலாபம் ரூ.5,100-தான் மிச்சம். கணினி சொன்னதைச் செய்தது. விசாரிப்பை எண்ணச் சொன்னோம், எண்ணியது. எந்தச் சேலையில் எவ்வளவு கிடைக்கும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே ஆட் செட்டுகளின் இலாபம் வேறுபடும்போதும், புதிய சரக்கைச் சோதிக்கும்போதும் தனித்தனித் தொகையே நம் கையில் பிடியைத் தரும். அதற்கும் ஒரு விலை உண்டு. ஓர் ஆட் செட் நிலைபெற வாரத்திற்கு ஏறத்தாழ 50 விசாரிப்புகள் வேண்டும். நம் முகூர்த்தப் பட்டுக்கு முப்பதே வருவதால் Learning limited என்று திரையில் தோன்றும். விசாரிப்பின் விலையும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். சிறு தொகையை ஐந்தாறாகக் கிள்ளிப் போடுவோர் எல்லோருக்கும் நேர்வது இதுவே.

ஒரே பட்டுப்பருத்தியைச் சென்னைக்கும் கோவைக்கும் விற்பதானால் கதை வேறு. எங்கு விற்றாலும் இலாபம் ஒன்றே. எந்த ஊரில் எந்நாளில் மலிவு என்பதை நாம் தினமும் பார்த்து மாற்றிக்கொண்டிருக்க முடியாது, கணினியால் முடியும். இங்குக் கேம்பெய்ன் தொகையே நல்லது.

இடைவழியும் உண்டு. கேம்பெய்ன் தொகையிலேயே ஓர் ஆட் செட்டுக்குக் குறைந்த அளவையும் மிகுந்த அளவையும் குறிக்கலாம். முகூர்த்தப் பட்டுக்கு நாளுக்குக் குறைந்தது ரூ.250 என்று எழுதினால் அது பட்டினி கிடக்காது. எல்லாவற்றுக்கும் இப்படிக் கட்டுப் போட்டால் கணினிக்குப் பங்கிட ஒன்றும் மிஞ்சாது. அதற்குத் தனித்தனியாகவே எழுதிவிடலாம்.

எதைத் தேர்ந்தாலும் வாரக் கடைசியில் ஆட் செட் வாரியாக Amount spent பத்தியையும், வீட்டு நோட்டில் எழுதிய விற்பனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனைக் கணக்கு அந்த நோட்டில் மட்டுமே இருக்கிறது.