மீட்டர் விலையும் பன்னாவும்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம். ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் அம்மாயியும் பேத்தியும் மேசை முன்னால் நிற்கிறார்கள். பேத்தி கல்லூரியில் முதல் வருடம். அவளுக்கு ஒரு சுடிதார் டாப், அவள் அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டும் தைக்கத்தான் துணி எடுக்க வந்திருக்கிறார்கள். மேசைமேல் மூன்று காட்டன் தான்கள் பிரித்துக் கிடக்கின்றன. முதலாவது மீட்டர் 110 ரூபாய், இரண்டாவது 140, மூன்றாவது 170.

"நூத்திப்பத்தே எடுத்துக்கலாமுங்க அம்மாயி. அதுதான் கம்மி" என்றாள் பேத்தி.

"பன்னா எத்தனைன்னு கேட்டியா கண்ணு?"

துணியின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை உள்ள அகலத்தைத்தான் துணிக்கடைக்காரர்களும் தையல்காரர்களும் பன்னா என்கிறார்கள். நம் ஊரில் துணியின் நீளத்துக்கு மீட்டர், அகலத்துக்கு இன்ச் என்றாகிவிட்டது. கஜம் போய் மீட்டர் வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் பன்னாவை எல்லோரும் இன்ச்சில்தான் சொல்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு அளவு இருப்பதால்தான் மீட்டர் விலையை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாந்து போகிறார்கள் என்பது என் எண்ணம். விலைச் சீட்டில் நீளத்தின் விலை இருக்கிறது. அகலத்தைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

கடைப்பையன் சொன்னான். 110 ரூபாய்த் துணி 36 இன்ச், அதாவது சரியாக ஒரு கஜ அகலம். 140 ரூபாய்த் துணி 44 இன்ச், 170 ரூபாய்த் துணி 58 இன்ச்.

பேத்தி போனை எடுத்து வகுத்துப் பார்த்தாள். ஒரு இன்ச் பன்னாவுக்கு முதல் துணியில் 3 ரூபாய் 6 காசு வருகிறது. இரண்டாவதில் 3 ரூபாய் 18 காசு. மூன்றாவதில் 2 ரூபாய் 93 காசுதான். "அட, நூத்தியெழுவதுதான் மலிவு. எனக்கும் அம்மாவுக்கும் இதிலேயே எடுத்துரலாம்" என்றாள்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அம்மாயி பையிலிருந்து இரண்டு அளவு டாப்புகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பேத்தியுடையது, மற்றொன்று மகளுடையது. இருபது வருடம் வீட்டில் தையல் மிஷின் ஓட்டியவர் அவர். துணியை வெட்டிப் போடும்போது எப்படி உட்காரும் என்று பார்க்காமல் அவர் காசு எடுக்கமாட்டார்.

முதலில் பேத்தியின் அளவு. மடிப்புக்கும் தையலுக்கும் விட்டுப் பார்த்தால் முன்பாகம் 44 இன்ச் நீளம், அடியில் 24 இன்ச் அகலம். பின்பாகமும் அதே அளவுதான். கையைப் பிரித்து விரித்தால் 16 இன்ச் அகலம், 20 இன்ச் நீளம்.

36 பன்னாவில் டாப்பை விரித்து வைத்தார். 24 இன்ச் போக ஓரத்தில் 12 இன்ச் மிச்சம். கைக்கு 16 வேண்டும் என்பதால் அந்த மிச்சத்தில் கை ஏறாது. ஆகவே முன்பாகம் ஒன்று, அதன் கீழே பின்பாகம் ஒன்று, அதற்கும் கீழே இரண்டு கையும் பக்கம் பக்கமாக. 44, 44, 20 என மொத்தம் 108 இன்ச். அதாவது 2.75 மீட்டர், 302 ரூபாய் 50 காசு. ஓரத்து 12 இன்ச் பட்டை வீண்தான்.

44 பன்னாவில் ஓரத்தில் 20 இன்ச் மிச்சம் நிற்கும். கைகள் அந்தப் பட்டையிலேயே அடங்கிவிடும். 88 இன்ச், அதாவது 2.25 மீட்டர் போதும். 315 ரூபாய்.

58 பன்னாவில்தான் வித்தியாசம். முன்பாகமும் பின்பாகமும் சேர்த்து 48 இன்ச்தான் என்பதால் இரண்டும் பக்கம் பக்கமாகவே உட்காரும். அதற்குக் கீழே கைகள். 44, 20 எனக் கூட்டினால் 64 இன்ச். 1.65 மீட்டருக்கு 280 ரூபாய் 50 காசு. மீட்டர் விலை அதிகமான துணியில்தான் டாப்பின் செலவு குறைவு.

"நாஞ் சொன்னது சரிதானுங்களே அம்மாயி?"

"உனக்குச் சரி. உங்கம்மாளுதைப் போட்டுப் பாரு."

அம்மாவின் அளவு பெரிது. நீளம் அதே 44 இன்ச்தான், ஆனால் முன்பாகத்துக்கு 30 இன்ச் அகலம் வேண்டும். கைக்கு 17. பேத்தியே விரித்து வைத்தாள். 58 பன்னாவில் இரண்டு பாகமும் பக்கம் பக்கமாக வைத்தால் 60 இன்ச் ஆகிறது. இரண்டே இன்ச் குறைவதால் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும். கைகள் ஓரத்தில் அடங்கும் என்றாலும் 2.25 மீட்டர் வாங்கியாக வேண்டும். 382 ரூபாய் 50 காசு. 44 பன்னாவில் ஓரத்து மிச்சம் 14 இன்ச்தான், கை ஏறாது. அதனால் 2.75 மீட்டர், 385 ரூபாய். 36 பன்னாவிலோ இரண்டு கையும் பக்கம் பக்கமாக 34 இன்ச்சில் அடங்கிவிடுவதால் அதே 2.75 மீட்டர், அதே 302 ரூபாய் 50 காசு.

பேத்தி போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

இன்ச் பன்னாவுக்கு எவ்வளவு என்று வகுப்பது, வாங்கும் துணி முழுவதும் உடுப்பாகிவிடும் என்று எண்ணிக்கொள்வது. உண்மையில் வெட்டிய பிறகு ஓரத்தில் நிற்கும் பட்டைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். அந்தப் பட்டை எவ்வளவு என்பதை ஆளின் அளவுதான் முடிவு செய்கிறது. அதனால்தான் துணிக்கடைக்குப் போகும்போது அளவு உடுப்பைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பெரிய கட்டம் போட்ட துணி என்றால் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வாங்க வேண்டும்.

இவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த கடைப்பையன் 36 பன்னாவிலேயே இன்னொரு தானை எடுத்துப் போட்டான். மீட்டர் 90 ரூபாய். கையில் விறைப்பாக, கனமாகத் தெரிந்தது. அம்மாயி அதன் ஒரு மூலையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினார். விரலில் வெள்ளை மாவு ஒட்டியது, கசக்கிய இடம் தொய்ந்துபோனது. பிறகு அதே மூலையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. இழை நெருக்கம் குறைந்த துணிக்குக் கஞ்சியை ஏற்றிக் கனமாகக் காட்டியிருந்தார்கள். ஒரே பன்னா, ஒரே பருத்தி என்றாலும் இதை 110 ரூபாய்த் துணியோடு வைத்து விலை பார்ப்பதில் அர்த்தமில்லை. இரண்டு சலவையில் கஞ்சி போய்விட்டால் கையில் இருப்பது வேறு துணி.

கடைசியில் பேத்திக்கு 58 பன்னா, அம்மாவுக்கு 36 பன்னா என்று முடிவானது. இரண்டிலும் பத்து சென்டிமீட்டர் கூடுதலாகக் கிழிக்கச் சொன்னார் அம்மாயி. கடைப்பையன் மீட்டர் கோலில் துணியை இழுத்துப் பிடித்து அளக்கப் போனான். "இழுக்காதீங்க தம்பி, மேசையில போட்டபடியே அளங்க" என்றார். இழுத்து அளந்த துணி கையை விட்டதும் பின்வாங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். 1.75 மீட்டருக்கு 297 ரூபாய் 50 காசு, 2.85 மீட்டருக்கு 313 ரூபாய் 50 காசு. மொத்தம் 611.

அன்று ராத்திரியே இரண்டு துணியையும் தனித்தனி வாளியில் ஊறவைத்தார்கள். மறுநாள் நிழலில் காய்ந்து, பெட்டி போட்ட பிறகு பேத்தி டேப்பை வைத்து அளந்தாள். 175 சென்டிமீட்டராக இருந்த துணி 170 ஆகியிருந்தது. டாப்புக்கு வேண்டியது 163. கடையில் கணக்குப் போட்டபடி 165 மட்டும் வாங்கியிருந்தால் இப்போது 160தான் இருந்திருக்கும்.

"அடி மடிப்புக்கு விட்டது முழுசும் போயிருக்குமுங்க அம்மாயி" என்றபடி கத்தரிக்கோலைத் தேடப் போனாள்.