டிரான்ஸ்பார்மர் எந்த லோடில் மிகக் குறைவாக வீணாக்கும்?

ஊர் உறங்கிய பிறகும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் 'ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். யாருமே மின்சாரம் எடுக்காவிட்டாலும் அந்த இரைச்சல் நிற்காது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் காந்தப்புலம் நொடிக்கு ஐம்பது முறை திசைமாறித் திரும்புவதால் வரும் ஒலி அது. அப்படித் திரும்புவதற்கும் மின்சாரம் செலவாகிறது. இதற்கு இரும்பு இழப்பு என்று பெயர்.

கிராமப்புறங்களில் பரவலாக உள்ள 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரையே எடுத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாகத் தருவது அது. பழைய வகை ஒன்றில் இரும்பு இழப்பு 260 வாட் அளவில் இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல் இதிலேயே போய்விடுகிறது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் செலவு ஏறக்குறைய மாறாது.

இன்னொரு இழப்பு சுருள்களில் நடக்கிறது. தாமிர இழப்பு என்பார்கள். சுருள் அலுமினியமாக இருந்தாலும் பெயர் அதுதான். கம்பியின் தடையில் மின்னோட்டம் வெப்பமாகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் இந்த இழப்பு நான்கு மடங்காகும். நம் டிரான்ஸ்பார்மரில் முழு லோடில் இது 1,760 வாட். பாதி லோடில் 440 வாட்தான்.

இந்த இரண்டையும் அளக்க முழு லோடு கொடுக்கத் தேவையில்லை. 433 வோல்ட் பக்கத்தில் மின்னழுத்தம் கொடுத்து மறுபக்கத்தைத் திறந்து விட்டால், வாட்மீட்டர் காட்டுவது இரும்பு இழப்பு. பிறகு 433 வோல்ட் பக்கத்தை ஷார்ட் செய்துவிட்டு, 11,000 வோல்ட் பக்கத்தில் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும். 495 வோல்ட் வந்ததுமே முழு மின்னோட்டமான 5.25 ஆம்பியர் ஓடத் தொடங்கிவிடும். அப்போது வாட்மீட்டர் காட்டுவது தாமிர இழப்பு. அந்த 495 வோல்ட் என்பது 11,000-இல் 4.5 சதவீதம். பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் என்று பொறித்திருப்பது இதைத்தான்.

இப்போது தலைப்பின் கேள்விக்கு வருவோம். பவர் ஃபேக்டர் ஒன்று என்று வைத்துக்கொண்டால், 20 கிலோவாட் கொடுக்கும்போது மொத்த இழப்பு சுமார் 330 வாட். கொடுக்கும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் பதினாறரை வாட் வீண். 100 கிலோவாட் கொடுத்தால் 2,020 வாட், அதாவது கிலோவாட்டுக்கு இருபது வாட். நடுவில், 38 கிலோவாட் அருகே, இது பதின்மூன்றரை வாட்டுக்கு இறங்குகிறது. செயல்திறன் அங்கே 98.66 சதவீதம், முழு லோடில் 98.02.

லோடு கூடக் கூட, 260 வாட் என்ற நிலையான செலவு அதிகக் கிலோவாட்டுகள் மேல் பரவி, ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பங்கு குறைகிறது. தாமிர இழப்பின் பங்கோ லோடுக்கு ஏற்ப ஏறுகிறது. இரண்டு இழப்புகளும் சமமாகும் இடத்தில்தான் கூட்டுத்தொகை மிகக் குறைவு. 260-ஐ 1,760-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.38 வருகிறது. அதுதான் முழு லோடில் 38 சதவீதம்.

உச்சச் செயல்திறன் முழு லோடில் இல்லையே என்று குறைபட வேண்டாம். வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைக்கிறார்கள். தெரு டிரான்ஸ்பார்மர் மாலையில் சில மணி நேரம் முட்டி நிற்கும், மற்ற நேரம் லேசாக இருக்கும். நாளில் நான்கு மணி நேரம் 80 கிலோவாட், மீதி இருபது மணி நேரம் 15 கிலோவாட் என்று கணக்கிட்டால், தாமிரத்தில் போவது 5.3 யூனிட், இரும்பில் போவது 6.2 யூனிட். இரும்பு ஓய்வெடுப்பதில்லை என்பதால் அதன் இழப்பைக் குறைப்பதில்தான் லாபம். எப்போதும் முழு லோடிலேயே ஓடும் மின்நிலைய டிரான்ஸ்பார்மருக்கு இந்தச் சமன் உயர்ந்த லோடில் அமைய வேண்டும்.

மின்னழுத்த இறக்கத்துக்குக் கணக்கு வேறு. வோல்டேஜ் ரெகுலேஷன் என்பது லோடு இல்லாதபோது உள்ள மின்னழுத்தத்துக்கும் லோடு ஏறிய பின் உள்ளதற்கும் இடையிலான வித்தியாசம். இதில் கம்பியின் தடை 1.76 சதவீதம்தான், காந்தப்புலக் கசிவால் வரும் ரியாக்டன்ஸ் 4.14 சதவீதம். பவர் ஃபேக்டர் ஒன்றாக இருந்தால் ரியாக்டன்ஸ் அதிகம் தலையிடாது. இறக்கம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பம்ப்செட் மோட்டார்கள் சேர்ந்து பவர் ஃபேக்டர் 0.8 ஆனால் முழு லோடில் இறக்கம் 3.9 சதவீதம். 433 வோல்ட் 416 ஆகிவிடும். அதற்கு மேல் கம்பித் தொலைவில் இழப்பது தனி. கடைக்கோடி வீட்டில் விளக்கு மங்கினால் டிரான்ஸ்பார்மர் முனையிலும் அளந்து பார்க்க வேண்டும். அங்கே 416 இருந்தால் மீதிக் குறை லைனில் இருக்கிறது.

அதே 80 கிலோவாட் மோட்டார் லோடுக்குக் கெப்பாசிட்டர் போட்டுப் பவர் ஃபேக்டரை 0.95-க்கு ஏற்றினால், 100 கேவிஏ 84 ஆகக் குறையும். இறக்கம் 17 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட்டாகும். தாமிர இழப்பிலும் 500 வாட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் மோட்டார் ஓடாதபோது கெப்பாசிட்டர் மட்டும் இணைப்பில் நின்றால் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறும். எனவே மோட்டாரோடு சேர்ந்து அணையும்படி ஸ்டார்ட்டருக்குப் பின்னால்தான் அதை இணைக்க வேண்டும்.