ஓ.பி.க்கு முன்னால் இருபது நிமிடம்

காலை ஏழரை மணிக்கே பையைக் கட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் ஒரு பெரியவர். "இன்னைக்குப் போகலாம்னு நேத்தே சொன்னாங்களே சிஸ்டர்!" சிஸ்டருக்கும் அது தெரியும். ஆனால் சீஃப் டாக்டர் ஓ.பி. முடித்து வார்டுக்கு வர பதினொன்றரை ஆகும். பல தனியார் மருத்துவமனைகளில் பொது மருத்துவ வார்டின் அன்றாடக் காட்சி இது.

பதினொன்றரைக்கு "போகலாம்" என்றதும் பெரியவர் கிளம்பிவிட முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதி, சீஃப் பார்த்துக் கையெழுத்திட ஒரு மணி. மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்து பில் போட இரண்டு. இன்சூரன்ஸ் இருந்தால் அதன் பிறகுதான் இறுதி ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வகுத்த விதி. அந்த மூன்று மணி நேரமும் முழுதாகப் போனால் மாலை ஐந்து. அதுவரை எமர்ஜென்சியில் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் அந்தக் கட்டிலுக்காகக் காத்திருப்பார்.

இதை மாற்ற நினைக்கும் இளம் டாக்டர் சீஃப்களுக்கு எப்படி எழுதுவது? "ரவுண்ட்ஸ் தாமதமாவதால் நோயாளிகள் அவதிப்படுகிறார்கள்" என்று தொடங்கினால் காரியம் அங்கேயே கெட்டுவிடும். ஓ.பி.யில் காத்திருக்கும் நாற்பது பேரை விட்டுவிட்டு சீஃப் வர முடியாது என்பதும் உண்மைதானே! அதனால் முதலில் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் எண்ண வேண்டும். ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் முடிவு சொன்ன நேரம், சம்மரி முடிந்த நேரம், பில் முடிந்த நேரம், கட்டில் காலியான நேரம். சில வார்டுகளில் தாமதம் ரவுண்ட்ஸில் இருக்காது, பில்லிங்கில் இருக்கும். அப்படித் தெரிந்தால் கடிதம் போக வேண்டிய இடமே வேறு.

ஆதாரம் தேடும்போதும் கவனம் வேண்டும். லிவர்பூலில் இரண்டு வார்டுகளில் மூத்த மருத்துவர்களின் ரவுண்ட்ஸை வாரம் இருமுறை என்பதிலிருந்து தினம் இருமுறை என்று மாற்றினார்கள். சராசரித் தங்கல் 10.4 நாளிலிருந்து 5.3 ஆகக் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கவர்ச்சியான எண்தான். ஆனால் அங்கே மாறியது எத்தனை முறை என்பது, எத்தனை மணிக்கு என்பதல்ல. இதை நேர மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டினால், படித்த சீஃப் ஒருவர் ஒரே வரியில் மறுத்துவிடுவார்.

நியூயார்க் ஆய்வு இன்னும் பொருந்தும். அங்கே ஒரு மருத்துவமனையில், நண்பகலுக்கு முன் வீடு போனவர்கள் 11 சதவீதத்திலிருந்து 38 ஆக உயர்ந்தார்கள். மறுநாள் யார் போகலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்ததும் அதற்குக் காரணம். இதற்கு எதிரான சான்றும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் வந்த ஆய்வில், நண்பகலுக்கு முன் போனவர்களின் தங்கல் சற்றே நீண்டிருந்தது. மாலையே போகக்கூடியவரை காலைக் கணக்குக்காக ஓர் இரவு வைத்திருந்தால் அப்படி ஆகும். இந்த ஆய்வைக் கடிதத்தில் மறைக்கவே கூடாது. கடிதத்தின் மேல் நம்பிக்கை பிறப்பதே அங்கேதான்.

கேட்பதும் சிறியதாக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறும் நேரம், அதைத் தொடக்கூடாது. ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் எட்டரைக்குள் எல்லோருக்கும் வராது. முழு ரவுண்ட்ஸையும் முன்னால் தள்ளினால் பாதி முடிவுகள் தள்ளிப்போகும். எனவே கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய சார், மேடம், ரவுண்ட்ஸ் நேரம் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும். முந்தைய மாலை நாங்கள் குறித்துத் தரும் நான்கைந்து டிஸ்சார்ஜ் நோயாளிகளை மட்டும் ஓ.பி.க்கு முன் 8.30க்குப் பார்க்க இயலுமா? சம்மரி வரைவு இரவே தயாராக இருக்கும். அவர்களின் ரத்த மாதிரியை லேபுக்கு முதலில் அனுப்புவோம். ஒரு யூனிட்டில் நான்கு வாரம் செய்து பார்த்து, கட்டில் காலியான நேரத்தோடு தங்கல் நாட்களையும், மீண்டும் சேர்க்கப்பட்டவர்களையும் கணக்கிட்டுத் தருகிறோம். தங்கல் நீண்டால் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். உங்கள் ஓ.பி. நேரத்துக்கு இது ஒத்துவராவிட்டால் வேறு வழி சொல்லுங்கள்."

அனுப்புவதற்கு முன் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமும், நன்கு பழகிய ஒரு சீஃபிடமும் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது. சிஸ்டர் சொல்லும் ஒரு திருத்தத்தில் தவறான நேரம் தெரிந்துவிடலாம். நிர்வாகத்துக்கு நகல் போடக்கூடாது. போட்டால் யோசனை புகாராகிவிடும். இரண்டு வார எண்ணிக்கையை ஒரே பக்க அட்டவணையாகக் கீழே இணைத்தால் போதும். அதில் மேல் வரியில் அந்தப் பெரியவரின் கட்டில் இருக்கலாம், பெயர் இல்லாமல்: முடிவு 11.30, காலி 5.10.