பன்னிரண்டு மணிக்குள் பந்தி முடியணும்

பாங்காக்கில் ஒருவர் புதுக்கடை போடுகிறார் என்றால், ரிப்பன் வெட்ட ஆள் தேடுவதற்கு முன் பக்கத்து விகாரைக்குப் போய்த் துறவிகளை அழைப்பார். தெரிந்த விகாரையானால் வாய்மொழி போதும், இல்லையென்றால் கடிதம். தேதி, கடை முகவரி, எத்தனை துறவிகள், எந்த வேளை உணவு, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் அழைப்பார்கள், பெரும்பாலும் ஒன்பது.

சிக்கல் நேரத்தில்தான். தேரவாதத் துறவிகள் நண்பகலுக்குப் பின் மறுநாள் விடியும்வரை சாப்பிடமாட்டார்கள். அதனால் நல்ல நேரத்தை மட்டும் எழுதினால் போதாது, பந்தியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடவேண்டும். ஒரு காபிக் கடையை எடுத்துக்கொள்வோம். பதினோரு மணிக்கு உணவு என்றால், முக்கால் மணி நேர ஓதலுக்குப் பத்தேகாலுக்காவது உட்காரவேண்டும். ஒன்பதரைக்கு வண்டி விகாரை வாசலில் நிற்கவேண்டும். சோதிடர் கடை திறக்க 11.39-தான் உத்தமம் என்று சொல்லிவிட்டாரா? அப்போது மதிய உணவை மறந்துவிட்டு, ஏழு மணிக்கே ஓதலை வைத்துக் காலை உணவு படைப்பதுதான் புத்திசாலித்தனம். பாங்காக் போக்குவரத்து நெரிசலை நம்பி அரைமணிகூடக் கடன் வாங்கமுடியாது.

சடங்கில் வேண்டியதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சாய் சின் என்ற வெள்ளை நூலைப் புத்தர் சிலையில் தொடங்கிக் கடையைச் சுற்றிக் கட்டி, மிச்சத்தை ஓதும் துறவிகளின் கைகளில் கொடுப்பார்கள். தலைமைத் துறவி எரியும் மெழுகுவத்தியை நீர்க் கிண்ணத்தின் மேல் பிடித்து மெழுகைச் சொட்டவிடுவார். கடைசியில் அந்த நீரைத்தான் கல்லாப்பெட்டி முதல் சமையலறை வரை தெளிப்பார். கதவிலோ பெயர்ப்பலகையிலோ வெள்ளைச் சாந்தால் புள்ளியிட்டு எழுதவேண்டுமானால், அது எல்லாத் துறவிக்கும் கைவந்ததில்லை. அழைப்பிலேயே கேட்டால் பழகிய பெரியவர் ஒருவரை அனுப்பிவைப்பார்கள்.

விருந்தோம்பலில் நமக்கு விசித்திரமாகப் படுவது ஒன்று உண்டு: "சோறும் மீனும் படைக்கிறோம், வாருங்கள்" என்று உணவின் பெயரைச் சொல்லி அழைக்கக்கூடாது. நான்கும் அதற்கு மேலும் துறவிகளை அப்படி அழைப்பதை விநய விதிகள் கூட்டு உணவாகக் கருதித் தடுக்கின்றன. ஆகவே "காலை உணவு" அல்லது "மதிய உணவு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைக்காரி பெண்ணாக இருந்தால் தட்டைத் துறவியின் கையில் நேராகக் கொடுக்கமாட்டார். அவர் விரிக்கும் துணியின் மேல் வைப்பார். பணத்தைத் துறவி தொடக்கூடாது என்பதால், தொகையை விகாரைப் பணியாளரிடம் சேர்த்துவிட்டு, அதைக் குறித்த சீட்டை மட்டும் துறவிக்குத் தருவது முறை. நடைமுறையில் உறையும் கைமாறுகிறது என்பது வேறு விஷயம்.

வந்திருக்கும் உறவினருக்கும் பணியாளருக்கும் பந்தி, துறவிகள் சாப்பிட்டு முடித்த பிறகுதான். சாப்பாட்டுக் கணக்கை அதற்கேற்பப் போடவேண்டும்.