கடிதத்தில் அக்கா, பிறப்புச் சான்றிதழில் யார்?

கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு பெண்மணி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அக்காவை வருகையாளர் விசாவில் அழைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழில் எழுதுவதுதான் கைவந்த வேலை. ஆகவே அழைப்புக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறார்: “என் அக்கா ஆனி முதலாம் திகதி வந்து, பதின்மூன்றாம் திகதி நடக்கும் என் மகளின் சாமத்தியவீட்டில் நின்று, ஆடி முப்பத்தோராம் திகதி ஊருக்குத் திரும்புவா. அவவை நான் ஸ்பொன்சர் செய்கிறேன். முழுச் செலவும் என்னுடையது.”

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. கனடாவின் குடிவரவுத் துறைக்கோ கடிதம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். இந்த மூன்று வரிகளை ஆங்கிலமாக்கும்போது, மொழிபெயர்ப்பவர் நல்ல ஆங்கிலம் தெரிந்தவராக இருந்தாலும், உறவு, நோக்கம், தங்கும் காலம் ஆகிய மூன்றும் தவறிப் போக வாய்ப்பிருக்கிறது.

அழைப்புக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்தத் துறையே சொல்கிறது. வருபவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, அழைப்பவருக்கு அவர் என்ன உறவு, எதற்காக வருகிறார், எவ்வளவு காலம் தங்குவார், எங்கே தங்குவார், செலவு யாருடையது, எப்போது திரும்புவார் என்பவை ஒரு பக்கம். அழைப்பவரின் பெயர், தொழில், கனடாவில் அவருக்குள்ள குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட நிலை, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை ஆகியவை மறுபக்கம். விசா அதிகாரி இந்தக் கடிதத்தைத் தனியாகப் படிப்பதில்லை. விண்ணப்பப் படிவம், குடும்ப விவரப் படிவம், பிறப்புச் சான்றிதழ்கள், வேலையிடத்து விடுப்புக் கடிதம் எல்லாவற்றோடும் சேர்த்தே படிக்கிறார். கடிதத்தின் ஒரு சொல் மற்ற தாள்களோடு ஒத்துப்போகாவிட்டால், அவருடைய சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

முதலில் உறவு. யாழ்ப்பாணத்து அக்கா உண்மையில் அழைப்பவரின் பெரியம்மா மகள். தமிழ்க் குடும்பங்களில் பெரியம்மா மகளும் அக்காதான். அப்படித்தான் வளர்ந்தார்கள், அப்படித்தான் கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை ‘எல்டர் சிஸ்டர்’ என்று எழுதிவிட்டால், அது உடன்பிறப்பு என்ற உரிமைகோரலாக மாறிவிடுகிறது. இணைத்திருக்கும் இரண்டு பிறப்புச் சான்றிதழ்களிலும் தாயின் பெயர் வேறு, தந்தையின் பெயர் வேறு. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதிகாரியின் மேசையில் அது பொய்யாகவே தெரியும்.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் தாமாகவே ‘ஃபர்ஸ்ட் கசின்’ என்று போட்டுவிடலாமா? கூடாது. கடிதத்தில் இருப்பது அக்கா என்ற சொல் மட்டுமே. அவர் பெரியம்மா மகள் என்ற செய்தி அதில் இல்லை. சரியான வழி, எழுதியவரைக் கேட்டு மூலக் கடிதத்தையே திருத்தச் சொல்வது. “என் தாயின் மூத்த சகோதரியின் மகள், முறையில் எனக்கு அக்கா” என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, ஆங்கிலத்திலும் அதே வரிசையில் அதே செய்தி வரும். அப்போது எந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். இருவரின் பிறப்புச் சான்றிதழ்களோடு, இருவரின் தாய்மாரும் ஒரே பெற்றோரின் மக்கள் என்று காட்டும் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ்களும் தேவைப்படும். உறவு எத்தனை படி விலகி நிற்கிறதோ அத்தனை தாள்கள் அதைத் தாங்க வேண்டும்.

அக்காவைவிட ஆபத்தான சொற்களும் உண்டு. மருமகன் என்றால் மகளின் கணவர். சகோதரியின் மகனும் மருமகன்தான். “என் மருமகனை அழைக்கிறேன்” என்ற வரி ‘சன் இன் லா’ ஆனால், இல்லாத ஒரு மகள் திருமணத்தை அதிகாரி தேட நேரும். யாழ்ப்பாணத்தில் உடன்பிறந்தவரின் மகளைப் பெறாமகள் என்பார்கள். அந்த வழக்கு தெரியாதவர் அதை வளர்ப்பு மகள் என்றோ மாற்றாந்தாய் மகள் என்றோ ஆக்கிவிடக்கூடும். தத்தெடுப்பு என்றால் நீதிமன்ற ஆணை எங்கே என்ற கேள்வி உடனே எழும். மாமா என்பவர் தாயின் சகோதரராகவும் இருக்கலாம், அத்தையின் கணவராகவும் இருக்கலாம், மாமனாராகவும் இருக்கலாம். இவற்றில் எதற்கும் ஒரே ஆங்கிலச் சொல் போதாது. யார் வழியாக, யாருக்கு யார் என்று விரித்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

அடுத்தது காலம். இந்தக் கடிதத்தின் மிக ஆழமான பள்ளம் ‘ஆனி’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கப்படி ஆனி ஜூன் மாத நடுவில், 15ஆம் தேதியை ஒட்டிப் பிறக்கிறது. இலங்கைத் தமிழர் வழக்கிலோ தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி என்று ஆங்கில மாதங்களையே தமிழ்ப் பெயரால் சொல்வது உண்டு. அந்தக் கணக்கில் ஆனி முதலாம் திகதி என்பது ஜூன் 1, ஆடி 31 என்பது ஜூலை 31. ஆகத் தங்கும் காலம் வரும் நாளும் போகும் நாளும் சேர்த்து 61 நாட்கள்.

இதைச் சென்னையில் இருக்கும் ஒருவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? வருகை ஜூன் 15 ஆகிறது. திரும்புவது ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் போகிறது. ஆனால் கடிதத்தோடு இணைத்திருக்கும் மண்டப முன்பதிவு ரசீதில் விழா நாள் ஜூன் 13. விழா முடிந்த பிறகே விருந்தாளி வந்து இறங்குவார் என்று தாள்கள் சொல்கின்றன. விருந்தாளி ஓர் ஆசிரியை என்றால், பாடசாலை கொடுத்த விடுப்பு ஜூலை 31உடன் முடிகிறது. கடிதமோ ஆகஸ்ட் வரை தங்குவார் என்கிறது. தங்கும் காலம் முடிந்ததும் வருகையாளர் நாட்டை விட்டுப் போய்விடுவார் என்று அதிகாரி நம்பினால்தான் விசா கொடுக்க வேண்டும் என்பது கனடாவின் குடிவரவு விதி. அந்த நம்பிக்கையை ஒரே ஒரு மாதப் பெயர் கெடுத்துவிடும்.

மாதக் கணக்கை நாள் கணக்காகவோ, நாள் கணக்கை மாதக் கணக்காகவோ மாற்றுவதும் இதே வகைத் தவறு. ஐரோப்பாவில் இது இன்னும் கடுமையானது. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால வருகைக்கான எல்லை, எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஜூலை முதல் தேதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ‘மூன்று மாதம்’ என்று பாரிஸில் இருக்கும் தம்பி எழுதினால், அது 92 நாட்கள். அதை மொழிபெயர்ப்பாளர் தம் இஷ்டத்துக்கு ‘90 நாட்கள்’ என்று சுருக்கக் கூடாது. தம்பியிடம் சொல்லித் தேதியை மாற்றி எழுத வைக்க வேண்டும்.

மூன்றாவது நோக்கம். சாமத்தியவீடு என்பது தமிழ்நாட்டில் மஞ்சள் நீராட்டு விழா, பூப்புனித நீராட்டு விழா. கூச்சத்தினாலோ, அந்நியருக்குப் புரியாது என்ற எண்ணத்தினாலோ, இதைக் குடும்ப விழா என்றோ பிறந்தநாள் என்றோ எழுதிவிடும் ஆசை எழலாம். அது வேண்டாம். ரசீதில் ஒன்று, அழைப்பிதழில் ஒன்று, கடிதத்தில் வேறொன்று என்று ஆகிவிடும். அதைவிட மோசம், சடங்கு, மணமேடை, தாலம் என்று அழைப்பிதழில் வரும் சொற்களைப் பார்த்து ‘வெடிங்’ என்று போடுவது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் பெயருக்கு அருகில் அந்தச் சொல் நின்றால் அதன் பொருள் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளை பருவமடைந்ததைக் கொண்டாடும் விழா என்று நேராக எழுதிவிட்டால் எந்த அதிகாரிக்கும் புரியும்.

‘ஸ்பொன்சர்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கனடாவில் அது குடும்பத்தினரை நிரந்தரமாகக் குடியேற்ற அழைக்கும் திட்டத்துக்குரிய சொல். புலம்பெயர்ந்த தமிழர்கள் பேச்சில் செலவை ஏற்றுக்கொள்வதற்கும் அதையே சொல்வார்கள். இரண்டு மாத விருந்தாளியைப் பற்றிய கடிதத்தில் அது அப்படியே போனால், வருபவர் குடியேறத்தான் வருகிறாரோ என்ற ஐயம் எழலாம். இங்கேயும் எழுதியவரைக் கேட்டு, “வருகையின் முழுச் செலவையும் ஏற்கிறேன்” என்று மூலத்திலேயே மாற்றுவது நல்லது. ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே அழைப்பவர், வெளிநாட்டவர் விவகார அலுவலகத்தில் நேரில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பொறுப்பேற்புப் பத்திரம் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தும். கனடாவின் அழைப்புக் கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் அதில் உள்ளவை உண்மையாக இருக்க வேண்டும். முக்கியமான செய்தியைத் தவறாகச் சொன்னார் என்று முடிவானால், கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி விண்ணப்பித்தவருக்கு ஐந்தாண்டுத் தடை விழலாம். தவறு செய்தது மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் விண்ணப்பித்தவரே.

பிறகு பெயர்கள். கடிதத்தில் வீட்டுப்பெயரோ செல்லப்பெயரோ இருந்தால், கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் மூலத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்; ஒலிக்கேற்ப மொழிபெயர்ப்பாளர் புதிதாக எழுதக் கூடாது.

ஊர்களில் பரவலாக நடக்கும் ஒரு பழக்கம் இந்தச் சிக்கல்களையெல்லாம் மறைத்துவிடுகிறது. தமிழில் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு தெரிந்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறார். எழுதியவர் அதில் கையெழுத்திடுகிறார். தமிழ்த் தாள் குப்பைக்குப் போகிறது. அதன் பிறகு எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. தமிழ்க் கடிதத்திலேயே கையெழுத்தும் தேதியும் இட்டு, அதன் நகலோடு மொழிபெயர்ப்பை இணைப்பதுதான் முறை. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யாவிட்டால், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவர் சத்தியம் செய்த உறுதிப்பத்திரமும் கனடாவுக்கு வேண்டும். பிரிட்டன், மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்கிறது.

கையெழுத்திட்ட தமிழ்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பிரதியை வரிவரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லும்படி மொழிபெயர்ப்பாளரிடம் கேளுங்கள். உறவும் தேதியும் விழாவின் பெயரும் காதில் சரியாக விழுந்த பிறகே விண்ணப்பத்தோடு சேருங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்: விண்ணப்பிப்பவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை, மக்கள், மாமா, சித்தி, ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள் உள்ளிட்ட குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை, அவர்கள் தொழிலால் மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும், கனடா ஏற்பதில்லை.