ஊமையான ஒரு ஸ்பீக்கர்

5.1 ஹோம் தியேட்டரில் இடப்பக்கப் பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால், முதலில் ரிசீவரின் மெனுவில் டெஸ்ட் டோனைப் போட வேண்டும். ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். ஊமை ஸ்பீக்கரிலும் அது கேட்டால் ஒயரைத் தொடவே வேண்டாம். ஓடும் படத்தில் இரண்டு சேனல் ஒலி மட்டுமே இருக்கலாம். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இரைச்சலும் வராவிட்டால், ஸ்பீக்கர் அமைப்பில் அந்த இடம் ‘None’ என்று இருக்கிறதா, அதன் ஒலி அளவு அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் ஸ்பீக்கர் என்றால் பேலன்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம்.

அமைப்பு சரி என்றால் அடுத்தது ஒயர். ரிசீவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, அதன் பின்புறத்தில் இடம், வலம் பின் ஸ்பீக்கர்களின் ஒயர்களை மட்டும் மாற்றிச் செருகி, மறுபடி டோன் போட வேண்டும். அதே இடப்பக்க ஸ்பீக்கர்தான் இன்னும் ஊமை என்றால் கோளாறு ஒயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. மௌனம் வலப்பக்கத்துக்குத் தாவினால் கோளாறு ரிசீவரில்.

ஒயர் முனையைத் திருகும்போது பிளாஸ்டிக் உறையின் மேலேயே இறுகிவிடுவது வழக்கமான தவறு. பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், செம்பு தொட்டிருக்காது. பிரிந்த ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொட்டால் ரிசீவரே தன்னைக் காக்க அணைந்துவிடும். ரிசீவரிலிருந்து கழற்றிய ஒயரின் இரு முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால், நல்ல ஸ்பீக்கர் ‘டக்’ என்று ஒலிக்கும்.